ஓட்டத்துக்கு ஸ்போர்ட்ஸ் பிரா: மூன்றில் எது பொருந்துகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

மார்பகத்துக்குக் கீழே உடலைச் சுற்றி 31 இன்ச். மார்பகத்தின் நிறைவான இடத்தைச் சுற்றி 37 இன்ச். இந்த இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் பிரா தேடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஓடுபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவருக்கு என்ன சைஸ்?

பழைய முறையில் கணக்குப் போட்டால், கீழ்ச்சுற்றளவு ஒற்றைப்படை எண் என்பதால் அதோடு 5 சேர்த்து 36 என்பார்கள். 37-லிருந்து 36 போனால் மிச்சம் ஒரே இன்ச், ஆகவே 36 ஏ. போட்டுப் பார்த்தால் கப் வழிந்து நிற்கும். கப்பை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போய்க் கடைசியில் 36 சி-யில் வந்து நிற்பார். அன்றாடத்துக்கு அது ஓரளவு சரியாகவும் இருக்கும். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று போட்டிருக்கும் ஸ்போர்ட்ஸ் பிராவின் அட்டவணையைப் பார்த்தால் பெரும்பாலும் மீடியம் வரும். எதையும் கூட்டாமல் நேராக அளந்தால் 32 டிடி வரும்.

ஒரே உடல், நான்கு பதில். இதில் 36 சி-யும் 32 டிடி-யும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும். ஆனால் அவற்றின் கப் கொள்ளும் அளவு ஒன்றுதான். குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று இதிலேயே தெரிகிறது.

அளப்பது

இன்ச் டேப், ஒரு கண்ணாடி, பேடு வைக்காத மெல்லிய பிரா, இவ்வளவு போதும். கீழ்ச்சுற்றளவை மூச்சை முழுக்க வெளியே விட்டபின், டேப்பை இறுக்கிப் பிடித்து அளக்க வேண்டும். டேப் முதுகுப்பக்கம் மேலே ஏறாமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கும். பின்பக்கம் டேப் ஒரு இன்ச் மேலே ஏறினாலே எண் மாறிவிடும். அப்புறம் மூச்சை முழுக்க உள்ளே இழுத்து அதே இடத்தில் இன்னொரு முறை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாம் எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு 31 இன்ச், முழு மூச்சில் 32½ இன்ச் ஆகிறது. ஓடும்போது பட்டை இந்த இரண்டுக்கும் இடையில்தான் வேலை செய்ய வேண்டும். இந்த இரண்டாவது எண் பின்னால் உதவும்.

மேல்சுற்றளவுக்கு டேப்பை இறுக்கக் கூடாது. மார்பகம் சற்றுத் தளர்ந்தோ பெரிதாகவோ இருந்தால், இடுப்பிலிருந்து முன்னால் குனிந்தும் ஒரு முறை அளந்து, இரண்டுக்கும் சராசரி எடுப்பது நல்லது. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் பலருக்கு மார்பகம் வீங்கும். அந்த நாள்களில் மட்டும் அளந்தால் கப் ஒரு படி கூடுதலாக வரலாம். அந்தச் சமயத்திலும் ஓடுபவர் என்றால் இரண்டு வேளையிலும் அளந்துவிட்டு, பெரிய எண்ணுக்குக் கப்பைத் தேர்ந்தெடுங்கள். பட்டைக்கான எண் அவ்வளவாக மாறாது.

கணக்கு எளிது. கீழ்ச்சுற்றளவுக்கு மிக நெருக்கமான இரட்டைப்படை எண்தான் பட்டை அளவு: 31-க்கு 30 அல்லது 32. முழு மூச்சில் 32½ ஆவதால் 32-ஐ எடுக்கிறோம். 37-லிருந்து 32-ஐக் கழித்தால் 5. ஒரு இன்ச்சுக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி, ஐந்துக்கு டிடி. இது பிரிட்டன் முறை. டி-க்குப் பிறகு எழுத்துகள் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய அளவில் இதே பிரா 70 இ என்று எழுதியிருக்கும். எழுத்தைப் பார்த்து மிரள வேண்டாம், எந்த முறையில் எழுதியிருக்கிறது என்று மட்டும் கவனித்தால் போதும்.

பட்டையில் இரண்டு இன்ச் கூடினால் கப் எழுத்து ஒன்று குறையும், கொள்ளளவு அப்படியே இருக்கும். 32 டிடி, 34 டி, 36 சி மூன்றும் ஒரே கொள்ளளவு. ஆகவே 36 சி போட்ட பெண்ணுக்கு மார்பகம் கப்புக்குள் சரியாகவே உட்காரும். அதைப் பார்த்து, பொருந்திவிட்டது என்று நினைத்துவிடுவார். நான்கு இன்ச் கூடுதலாக இருக்கும் பட்டை நின்றுகொண்டிருக்கும்போது வெளியே தெரியாது. ஓட ஆரம்பித்தபின்தான் தெரியும்.

ஏன் பட்டை

மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பு, பால் சுரப்பிகள், அவற்றைப் பிடித்து நிற்கும் மெல்லிய இணைப்புத் திசு, மேலே தோல், அவ்வளவுதான். அந்த இணைப்புத் திசுக்களை 1840-இல் ஆஸ்ட்லி கூப்பர் என்ற அறுவை மருத்துவர் விவரித்தார். இன்றும் அவர் பெயரிலேயே அவை வழங்குகின்றன. மார்பகத்தைத் தாங்கிப் பிடிக்க உடலிடம் இருப்பவை முக்கியமாக இந்தத் திசுவும் தோலும்தான்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எழும்பி இறங்குகிறது. உடல் இறங்கத் தொடங்கும்போது மார்பகம் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும். உடல் நின்று திரும்பும்போது அது இன்னும் கீழே விழுந்துகொண்டிருக்கும். இந்தப் பின்தங்கல்தான் நாம் குலுங்கல் என்று உணர்வது. மேலும் கீழுமாக மட்டும் அல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னுமாகவும் அது நடக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட எட்டு எண்ணை வரைவது போலிருக்கும்.

இந்த அசைவை அடக்க வேண்டும் என்றால், விசையை எங்காவது உறுதியான இடத்துக்குக் கடத்த வேண்டும். அந்த உறுதியான இடம் விலாக்கூடு. அதை இறுகப் பற்றி நிற்பது பட்டை. ஸ்ட்ராப்பின் வேலை கப்பின் மேல்பக்கத்தை உடலோடு சேர்த்து வைப்பது மட்டுமே. பட்டை தளர்ந்தால் பாரம் முழுக்க ஸ்ட்ராப்புக்குப் போகும். ஸ்ட்ராப் தோளில் பதிந்துகொண்டு முதுகுப்பக்கப் பட்டையை மேலே இழுக்கும். முதுகில் பட்டை ஏறினால் முன்பக்கம் கப் இறங்கும். தோள்வலி வருகிறது என்று ஸ்ட்ராப்பைத் தளர்த்துவார்கள், குலுங்கல் கூடும். குலுங்குகிறது என்று இறுக்குவார்கள், பட்டை இன்னும் ஏறும். பட்டையைச் சரிசெய்யாத வரைக்கும் இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர முடியாது.

மூன்று பிரா

நம் பெண் முன்னால் மூன்று தேர்வுகளை வைப்போம். முதலாவது, தலை வழியாகப் போடும் மீடியம் சைஸ் அமுக்கு வகை. கொக்கி இல்லை, தனித்தனிக் கப் இல்லை, ஒரே இறுக்கமான துணி இரு மார்பகத்தையும் சேர்த்து மார்போடு அழுத்திப் பிடிக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மாடல்: உள்ளே தனித்தனிக் கப், வெளியே இறுக்கமான மேல்துணி, முதுகில் மூன்று வரிசைக் கொக்கி, நீளம் மாற்றக்கூடிய ஸ்ட்ராப். ஒன்று 34 டி, மற்றது 32 டிடி. அமுக்கு வகைக்கும் கப் வகைக்கும் உள்ள வேறுபாட்டை முதல் பிரா காட்டும். பட்டை அளவு மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதை மற்ற இரண்டும் காட்டும்.

அமுக்கு வகைதான் ஸ்போர்ட்ஸ் பிராவின் மூத்த வடிவம். 1977-இல் அமெரிக்காவில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண்கள் விளையாட்டில் அணியும் இரண்டு உள்ளாடைகளைச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். ஏ, பி கப் அளவுள்ளவர்களுக்கு இன்றைக்கும் அமுக்கு வகை போதும் என்பது என் கருத்து. எடை குறைவாக இருக்கும்போது மார்போடு அழுத்திவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சி-யில் இரண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். டி-யும் அதற்கு மேலும் என்றால் தனிக் கப்பும் மேல்துணியும் சேர்ந்த வகைக்கே நான் முதலில் கைநீட்டுவேன்.

இதற்கு எடை மட்டும் காரணம் அல்ல. ஸ்மால், மீடியம், லார்ஜ் என்ற முறையில் பட்டையும் மார்பளவும் ஒரே எழுத்தில் கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. 31-37 உடல்வாகில் இரண்டுக்கும் இடைவெளி அதிகம். மீடியம் எடுத்தால் பட்டை சரியாக இருக்கும், மார்பில் துணி போதாது. லார்ஜ் எடுத்தால் மார்பில் இடம் கிடைக்கும், பட்டை தொளதொளக்கும். எந்த எழுத்தைப் பிடித்தாலும் ஒரு பக்கம் விட்டுப்போகும். இடைவெளி இரண்டு மூன்று இன்ச் மட்டும் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஓடும் முன்

புதிய பிராவை எப்போதும் வெளிக்கொக்கியில், அதாவது மிகத் தளர்ந்த வரிசையில் போட்டுப் பார்க்க வேண்டும். உள்வரிசைகள் பிறகு எலாஸ்டிக் தளரும்போது இறுக்குவதற்கு. முதல் நாளே உள்வரிசையில்தான் பிடிக்கிறது என்றால் நீங்கள் பார்ப்பது உங்கள் சைஸ் அல்ல.

கொக்கி மாட்டியதும் முன்னால் லேசாகக் குனிந்து, அக்குள் பக்கத்திலிருந்து மார்பகம் முழுவதையும் கப்புக்குள் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் பார்த்தால் சிறிய கப்பும் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும். நடுவில் இரண்டு கப்பும் சேரும் இடம் மார்பெலும்பில் படிய வேண்டும். அது தூக்கி நின்றால் கப் சிறிது. மேல்விளிம்பில் சதை பிதுங்கினாலும் அதே பொருள். துணி சுருங்கிக் கிடந்தால் கப் பெரிது.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 32 போட்டவுடன் "ஐயோ, இறுக்குதே" என்று சொல்லிக் கழற்றிவிடுவார்கள். இறுக்குவது பட்டையா, கப்பா? கப் சிறியதாக இருந்தாலும் மார்பகம் பிராவை முன்னால் தள்ளி, பட்டையிடமிருந்து நீளத்தைத் திருடிக்கொள்ளும். உணர்வில் அது பட்டை இறுக்கமாகவே தெரியும். இதைப் பிரித்தறிய எளிய வழி, பிராவைப் பின்புறமாகத் திருப்பி மாட்டுவது. கப் முதுகுப்பக்கம் வரும்படி, ஸ்ட்ராப்பில் கை நுழைக்காமல், கொக்கியை முன்னால் போடுங்கள். இப்போது உடலைப் பிடித்திருப்பது பட்டை மட்டுமே. இப்படிப் போடும்போது வசதியாக இருந்து, சரியாகப் போடும்போது இறுக்கினால் கப்பை ஒரு எழுத்து கூட்ட வேண்டும், பட்டையைக் கூட்டக் கூடாது. இப்படியும் மூச்சுத் திணறினால் பட்டை உண்மையிலேயே சிறிது.

நம் பெண்ணுக்கு 32 டிடி திருப்பி மாட்டும்போது இறுக்கமாக, ஆனால் தாங்கக்கூடியதாக இருக்கிறது. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் சிரமப்பட்டு நுழைகிறது. முழு மூச்சு இழுத்தால் பட்டை விரிகிறது, நெஞ்சு தடைபடவில்லை. 32½ இன்ச் ஆகும் விலாவைப் பட்டை விடவேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். 34 டி-யில் விரல் சுலபமாக நுழைந்து, பட்டையைப் பின்னால் இழுத்தால் முதுகிலிருந்து நன்றாக விலகி வருகிறது. நின்ற நிலையில் 34-தான் வசதி. பலரும் இதையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பட்டைச் சோதனை

புருவத்துக்குத் தீட்டும் பென்சிலோ, கழுவினால் போகும் எந்தப் பென்சிலோ எடுத்து, பட்டையின் கீழ்விளிம்பை ஒட்டித் தோலில் நான்கு சிறு கோடுகள் போடுங்கள்: முன்னால் நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, முதுகில் ஒன்று. முதுகுக்கு வேறொருவர் கை தேவைப்படும்.

முதலில் இரண்டு கையையும் தலைக்கு மேலே முழுக்கத் தூக்கி இறக்குங்கள், பத்து முறை. பிறகு உடலை இடமும் வலமும் திருப்புங்கள். பிறகு நின்ற இடத்திலேயே மூன்று நிமிடம் ஓடுங்கள். அரை நிமிடத்தோடு நிறுத்திவிடக் கூடாது. பட்டை ஒரே தாவலில் நகர்வதில்லை. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. வியர்வை சேர்ந்தால் இன்னும் எளிதாக வழுக்கும். ஓடி முடித்ததும் பட்டையைத் தொடாமல், கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழுந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

எந்தக் கோட்டில் இடைவெளி விழுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். முதுகில் மட்டும் மேலே ஏறியிருந்தால் பட்டை பெரிது, அல்லது ஸ்ட்ராப் மிகையாக இறுக்கியிருக்கிறது. ஸ்ட்ராப்பை ஒரு படி தளர்த்தி மறுபடி ஓடிப் பாருங்கள். அப்போதும் ஏறினால் பட்டைதான். முன்னால் ஏறி, விளிம்பு மார்பகத்தின் அடிப்பகுதி மேலேயே போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் கப்போ மார்புத்துணியோ போதவில்லை. பட்டை முழுவதுமே ஒரு பக்கம் சுழன்றிருந்தால் தொளதொளப்பு என்று பொருள், அல்லது இரண்டு ஸ்ட்ராப்பும் சமமாக இல்லை. எல்லாக் கோடும் அரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி.

குலுங்கல் சோதனை

கண்ணாடி முன்னால் குதித்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓடும்போது உடம்பே சுமார் 6 முதல் 10 சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் போகிறது. கண்ணாடியில் நமக்குத் தெரிவது உடலின் அசைவும் மார்பகத்தின் அசைவும் சேர்ந்த மொத்தம். எவ்வளவு நல்ல பிரா போட்டாலும் எல்லாம் குலுங்குவது போலவே தோன்றும். நமக்கு வேண்டியது உடலோடு ஒப்பிட்டால் மார்பகம் எவ்வளவு கூடுதலாக அசைகிறது என்பது மட்டும்.

அதற்கு இரண்டு சிறு வட்ட ஸ்டிக்கர் போதும். ஒன்றைத் தொண்டைக்குக் கீழே, காறையெலும்புகள் சேரும் குழியில் தோல்மீது ஒட்டுங்கள். இன்னொன்றைப் பிராவின் மேல், முலைக்காம்பு இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள். குழிக்குப் பக்கத்தில் சரியாக 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு டேப் துண்டையும் ஒட்டிவிடுங்கள், அது அளவுகோல். போனை மார்பு உயரத்தில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, அசையாதபடி வைத்து ஸ்லோ மோஷனில் படம் எடுக்க வேண்டும். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம்தான் எடுக்கும். நிமிடத்துக்கு 170 அடி ஓடினால் ஒரு அடிக்கு ஏறக்குறைய பத்து படம் கிடைக்கும். உச்சியும் அடியும் தவறிப்போகும். 120 அல்லது 240 என்றால் தெளிவாகப் பிடிபடும்.

உங்களுடைய வழக்கமான வேகத்தில் கால்கள் போகும்படி நின்ற இடத்தில் ஓடுங்கள். டிரெட்மில் கிடைத்தால் இன்னும் நல்லது. பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இரண்டு ஸ்டிக்கருக்கும் நடுவில் தூரம் மிகக் குறைவாக இருக்கும் படத்தையும் மிக அதிகமாக இருக்கும் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ஸ்கேல் வைத்து அளந்து, 5 சென்டிமீட்டர் டேப் திரையில் எவ்வளவு தெரிகிறதோ அதை வைத்து உண்மை அளவாக மாற்றுங்கள். டேப் திரையில் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஐந்தால் பெருக்க வேண்டும். அதிக தூரத்திலிருந்து குறைந்த தூரத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் மேல்-கீழ் ஆட்டம். ஒரே ஒரு அடியை நம்பாமல் நாலைந்து அடிகளை அளந்து சராசரி எடுங்கள்.

இது ஆய்வகக் கணக்கு அல்ல. அரை சென்டிமீட்டர் வரை வித்தியாசம் அளவுப்பிழையாகவே இருக்கலாம். முன்னும் பின்னுமான அசைவும் இதில் வராது. அதற்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்துக் கண்ணால் பார்ப்பது போதும். எண் தனியாக நிற்கும்போது அதற்கு மதிப்பில்லை. உங்களுடைய அன்றாட பிராவோடும் மற்ற பிராக்களோடும் ஒப்பிடும்போதுதான் அது பேசும்.

முடிவுகளை வைத்துப் பார்த்தால்

நம் பெண்ணின் கணக்கை இப்படி வைத்துக்கொள்வோம். எண்கள் மாதிரிக்குத்தான், ஆனால் இந்த மாதிரி உடல்வாகில் ஏறத்தாழ இந்தப் போக்கில்தான் போகும். அன்றாடம் போடும் 36 சி பிராவில் ஸ்டிக்கர்களின் தூரம் 17½ முதல் 23½ சென்டிமீட்டர் வரை போய் வருகிறது. ஆட்டம் 6 சென்டிமீட்டர். இதை அடிப்படையாக வைத்துக்கொள்கிறோம்.

மீடியம் அமுக்கு வகையில் ஆட்டம் 3½ சென்டிமீட்டர். பரவாயில்லை, 42 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆனால் பட்டைச் சோதனையில் முன்கோட்டிலிருந்து விளிம்பு 2 சென்டிமீட்டர் மேலே போய்விட்டது. மார்பில் துணி போதாததால் அது கீழ்விளிம்பை மேலே இழுக்கிறது. கழுத்துப்பக்கமும் அக்குள் பக்கமும் சதை வழிகிறது. பக்கவாட்டு வீடியோவில் இரு மார்பகமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கட்டியாக அசைவது தெரிகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் நடுப்பகுதியில் வியர்வை தேங்கி உரசல் வரும் என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இது விலகிப்போகிறது.

34 டி-யும் 32 டிடி-யும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. முதல் அரை நிமிட வீடியோவில் 34 டி-யில் ஆட்டம் 2.9, 32 டிடி-யில் 2.5. வித்தியாசம் 0.4 சென்டிமீட்டர், அதாவது நம் அளவுப்பிழைக்குள்ளேயே. கப் கொள்ளளவு ஒன்று, துணி ஒன்று, ஸ்ட்ராப் ஒன்று, வேறுபடாததில் ஆச்சரியமில்லை. குலுங்கலை மட்டும், அதுவும் கொஞ்ச நேரம் மட்டும் பார்த்தால் 34-ஐ எடுத்துவிடுவோம். வசதியும் அதுதானே.

மூன்று நிமிடம் ஓடியபின் முதுகுக்கோட்டைப் பார்த்தால் 34 டி-யில் பட்டை 2½ சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. 32 டிடி-யில் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதே நிலையில் மறுபடி வீடியோ எடுத்தால் 34 டி-யின் ஆட்டம் 3.8 ஆகிவிட்டது. 32 டிடி 2.6-இல் நிற்கிறது. தொடக்கத்தில் சமமாகத் தெரிந்தவை இப்போது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிந்துவிட்டன. பட்டை ஏற ஏற ஸ்ட்ராப் தளர்கிறது, கப் சாய்கிறது, ஆட்டம் கூடுகிறது. அரை மணி நேர ஓட்டத்தில் இந்தப் பெண் அதிக நேரம் அனுபவிக்கப்போவது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

34 டி-யை உள்கொக்கியில் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். இன்றைக்குச் சரியாகும். கிட்டத்தட்ட 32-இன் பிடிப்புகூட வரும். ஆனால் இறுக்குவதற்கு வைத்திருந்த இடத்தை முதல் நாளே செலவழித்துவிட்டதாகிவிடும்; எலாஸ்டிக் கொஞ்சம் தளர்ந்ததும் போக்கிடம் இல்லை. 32 டிடி கிடைக்காத நேரத்தில் மட்டும் அப்படிச் செய்யலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 30-க்குப் போனால் பட்டை இன்னும் அசையாது, ஆட்டமும் குறையலாம். இரண்டு சோதனையிலும் முதலிடம் பெறும், ஆனாலும் தவறான பிராதான். முழு மூச்சு இழுக்கும்போது விலாவில் தடை தெரிந்தால், கழற்றி அரை மணி நேரம் ஆனபிறகும் பட்டையின் ஆழமான பள்ளம் மறையாமல் இருந்தால், அல்லது எலும்பு முனையில் வலித்தால், எண் எவ்வளவு அழகாக வந்தாலும் வேண்டாம். லேசான சிவப்புத் தடம் விழுந்து கொஞ்ச நேரத்தில் மறைவது சாதாரணம். குலுங்கலுக்கு நான் வைக்கும் வரம்பு இதுதான்: மூச்சு தடைபடாத பிராக்களுக்குள் எது குறைவாக ஆடுகிறதோ அது.

கீழ்ச்சுற்றளவு 33 போல் நட்டநடுவில் வந்தால் 32-உம் 34-உம் இரண்டையும் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். விலாவில் சதைப்பிடிப்பு உள்ளவர்களுக்குப் பட்டை கொஞ்சம் உள்ளே அமுங்கும், சின்ன எண் ஒத்துவரும். எலும்பு தெரியும் ஒல்லியான உடம்புக்கு அதே இறுக்கம் வலிக்கும். பெரிய எண்ணில் அகலமான பட்டை உள்ள மாடல் பொருந்தும். பட்டையின் அகலத்தைப் பற்றிச் சொல்லும்போது ஸ்ட்ராப்பையும் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல் நீளும் ஸ்ட்ராப் என்றால், பட்டை சரியாக இருந்தும் மேல்-கீழ் ஆட்டம் அடங்காது. பட்டைக்கோடு அசையாமல் இருக்க ஆட்டம் மட்டும் அதிகமாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்ட்ராப்பும் கப் துணியின் இழுவையும்தான், சைஸை அல்ல.

வாங்கியபின்

முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உடம்பில் உரசல் எங்கே என்று பாருங்கள். பட்டையின் கீழ்விளிம்பு நெடுக உரசியிருந்தால் பட்டை நகர்ந்திருக்கிறது. அக்குள் அருகில் மட்டும் என்றால் ஆர்ம்ஹோல் வெட்டு உங்கள் உடலுக்கு ஒத்துவரவில்லை. சைஸ் சரியாகவே இருக்கலாம், மாடலை மாற்ற வேண்டும். தோளில் மட்டும் பள்ளம் என்றால் பாரம் ஸ்ட்ராப்புக்குப் போகிறது. திருப்பிக்கொடுக்க வாய்ப்பிருந்தால் வீட்டுக்குள்ளேயே, லேபிளை வெட்டாமல் இந்தச் சோதனைகளை முடித்துவிடுங்கள். வியர்த்தபின் யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள்.

துவைக்கும்போது குளிர்ந்த நீர், நிழலில் உலர்த்தல், துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், டிரையரின் சூடும் வேண்டாம். எலாஸ்டிக்கைக் கொல்வது இவைதான். அப்படியும் அது தளரத்தான் செய்யும். எத்தனை மாதம் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிடப் பென்சில் கோட்டை எப்போதாவது மறுபடி போட்டுப் பார்ப்பது நம்பகமான வழி. முதுகுக்கோட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விழுந்தால் அடுத்த கொக்கிக்குப் போங்கள். கடைசிக் கொக்கியிலும் அதே இடைவெளி விழுந்தால் அந்த பிராவை நடைப்பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, மறுபடி இன்ச் டேப்பை எடுங்கள். எடை கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ, குழந்தை பெற்றிருந்தாலோ, பாலூட்டிக்கொண்டிருந்தாலோ பழைய எண் இப்போது செல்லாது.